கணுக்கால் வீங்கின போட்டோ வந்தா வீட்டுலயே பாத்துக்கலாமா, எக்ஸ்ரே எடுக்கணுமான்னு எப்படி முடிவு பண்றது

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு மதுரைல இருக்குற சித்தி பொண்ணு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினா. "அக்கா, அம்மா மாடிப்படில கடைசி படிய பாக்காம கால வச்சு விழுந்துட்டாங்க, கால் மடங்கிருச்சு, ஸ்கேன் எடுக்கணுமா இல்ல ஐஸ் வச்சா போதுமா?" சித்திக்கு 58 வயசு. போட்டோல வெளிப்பக்கம் குமிழ் மாதிரி துருத்திட்டு இருக்குமே அந்த எலும்புக்கு முன்னாடி கோழிமுட்டை சைஸ்ல வீக்கம், அதுக்கு மேல கொலுசு இறுக்கிட்டு நிக்குது, பாதம் பாதியோட போட்டோ கட் ஆயிடுச்சு.

நான் பதினாலு வருஷமா பிசியோதெரபி பண்றேன், சொந்தக்காரங்க தெரிஞ்சவங்கன்னு வாரத்துக்கு ஒரு போட்டோவாவது இப்படி வந்துரும். அனுப்புற எல்லாரும் வீக்கத்தோட அளவதான் பாக்குறாங்க, பெருசா இருந்தா பயம், சின்னதா இருந்தா நிம்மதி. ஆனா வீக்கம் பெருசா சின்னதாங்குறத வச்சு எலும்பு உடைஞ்சிருக்கான்னு சொல்லவே முடியாது. ஜவ்வு மட்டும் கிழிஞ்ச கால் பந்து மாதிரி வீங்கி நிக்கும், எலும்புல கிராக் விழுந்த கால் லேசா உப்பினாப்ல மட்டும் இருக்கும், ரெண்டையும் நிறைய பாத்திருக்கேன். அதனால போட்டோவ ஒரு மேப் மாதிரிதான் எடுத்துக்கணும், எங்க தொட்டுப் பாக்கணும்னு அது காட்டும். முடிவு சொல்றது விரலும் நாலு அடி நடையும்தான்.

முதல்ல போட்டோவ ஒழுங்கா எடுக்கச் சொல்லுங்க

வீங்கின கால்ல கொலுசு, மெட்டி இருந்தா போட்டோக்கு முன்னாடியே கழட்டணும். இன்னும் ரெண்டு மணி நேரத்துல வீக்கம் ஏறினா மெட்டிய வெட்டித்தான் எடுக்கணும், அதுக்குள்ள விரலுக்கு ரத்தம் போறது குறைஞ்சிடும். சோப்பு தண்ணியோ தேங்காய் எண்ணெயோ விரல்ல தடவி மெதுவா சுத்தி எடுத்தா வந்துரும்.

அப்புறம் ரெண்டு காலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, முழங்கால்ல இருந்து விரல் நுனி வரைக்கும் தெரியுற மாதிரி நாலு போட்டோ: முன்னாடி, வெளிப்பக்கம், உள்பக்கம், பின்னாடி குதிகால். முடிஞ்சா உள்ளங்கால் ஒண்ணு. நல்ல கால் பக்கத்துல இருந்தாதான் எது வீக்கம், எது அவங்களுக்கு இயல்பாவே இருக்குற உப்பல்னு தெரியும், வயசானவங்களுக்கு சாயங்காலம் ஆனா ரெண்டு காலும் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும். டியூப்லைட் வெளிச்சத்துல மாநிறத் தோல்ல ரத்தக்கட்டு சரியா தெரியாது, கொஞ்சம் கருத்த மாதிரி மட்டும் இருக்கும், அதனால நிறத்த உள்ளங்கால்லயும் நகத்துலயும் பாக்குறது நல்லது.

பாத்த உடனே கிளம்ப வேண்டிய போட்டோ எது

பாதம் கால் எலும்போட நேர்கோட்டுல இல்லாம ஒரு பக்கமா திரும்பி நிக்குதா, தோல் கிழிஞ்சு ரத்தம் வருதா, உள்ள இருந்து எலும்பு குத்தி தோல் வெள்ளையா இழுத்துட்டு இருக்கா, விரலெல்லாம் வெளுத்தோ நீலமாவோ இருக்கா? இதுல ஒண்ணு இருந்தா கூட அமுக்கிப் பாக்குறது, நடக்க வைக்குறது எதுவும் வேணாம், நேரா எலும்பு டாக்டர் இருக்குற ஆஸ்பத்திரிக்கு, வண்டி இல்லன்னா 108. கால நேராக்க முயற்சி பண்ணாதீங்க, ரெண்டு பக்கமும் தலகாணி வச்சு அசையாம துணியால கட்டி தூக்கிட்டுப் போங்க. கிளம்புற நேரத்துல காபி, பால் எதுவும் குடுக்காதீங்க, மயக்க மருந்து குடுத்து எலும்ப செட் பண்ண வேண்டி வந்தா வயிறு காலியா இருக்கணும்.

நகத்த அமுக்கி விட்டா வெள்ளையாகி ரெண்டு செகண்டுக்குள்ள திரும்ப இளஞ்சிவப்பாகணும், நல்ல கால் நகத்தோட வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. அதே மாதிரி எல்லா விரலையும் தொட்டு "தெரியுதா"ன்னு கேளுங்க. மரத்துப் போன மாதிரி இருக்குன்னு சொன்னாலும் கிளம்பிடணும்.

சித்தி போட்டோல இது எதுவும் இல்ல. கால் நேராத்தான் இருந்துச்சு, விரல் நிறம் சரியா இருந்துச்சு. அதனால வீடியோ கால் போட்டு அடுத்த கட்டத்துக்குப் போனோம்.

விரல் எங்க அமுக்கணும்

இப்ப சொல்லப்போறது நான் கண்டுபிடிச்சது இல்ல. கனடாவுல ஒட்டாவா நகரத்துல இயன் ஸ்டீல்னு ஒரு அவசர சிகிச்சை டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் 1992ல வெளியிட்ட முறை, ஒட்டாவா கணுக்கால் விதின்னு சொல்லுவாங்க. கணுக்கால் பிசகி வர்ற எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்து, அதுல பெரும்பாலான படத்துல ஒண்ணுமே இல்லாம போறதப் பாத்துட்டு, யாருக்கு எடுக்காம விட்டாலும் ஆபத்து இல்லன்னு தேடினாங்க. கிடைச்சது நாலு எலும்பு இடமும் ஒரு நடை டெஸ்டும். இது அஞ்சுமே சரியா இருந்தா பெரிய உடைப்பு இருக்க வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. ஆனா ஒண்ணு தப்பாச்சுன்னா உடைஞ்சிருச்சுன்னு அர்த்தம் இல்ல, எக்ஸ்ரே எடுக்கணும்னு மட்டும்தான் அர்த்தம், அப்படி எடுக்குறதுலயும் நிறைய பேருக்கு எலும்பு நல்லாத்தான் இருக்கும்.

அமுக்குறதுல ஒரு பக்குவம் இருக்கு. வலிக்கிற இடத்துல இருந்து ஆரம்பிச்சா அதுக்கப்புறம் எங்க தொட்டாலும் வலிக்குதுன்னுதான் சொல்லுவாங்க, அதனால தூரத்துல இருந்து வரணும். ஒரு விரல் நுனியால, உங்க நகம் லேசா வெளுக்குற அளவு அழுத்தத்துல, அவங்க முகத்தப் பாத்துக்கிட்டே அமுக்குங்க.

முதல் இடம், வெளிப்பக்கக் குமிழ் எலும்பு. அதோட நுனில இருந்து மேல நோக்கி ஆறு சென்டிமீட்டர், கிட்டத்தட்ட நாலு விரல் அகலம், பின்பக்க ஓரம் வழியா அமுக்கிட்டு வரணும், கடைசியா நுனி. இந்தப் பின்பக்க ஓரம்ங்குறதுதான் ரொம்ப முக்கியம். ஏன்னா கால் உள்பக்கமா மடங்கும்போது முதல்ல கிழியுற ஜவ்வு குமிழுக்கு முன்னாடி பக்கம் இருக்கு, முன்னாடி அமுக்கினா சும்மா சுளுக்குன்னாலும் உயிர் போற மாதிரி வலிக்கும், அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பின்பக்க ஓரத்துல ஜவ்வு சமாச்சாரம் கம்மி, அங்க வலிச்சா எலும்பு வலிக்குதுன்னு எடுத்துக்கலாம்.

ரெண்டாவது, உள்பக்கக் குமிழ், அதே மாதிரி பின்பக்க ஓரமும் நுனியும். மூணாவது, பாதத்தோட வெளி ஓரத்துல, சுண்டு விரலுக்கும் குதிகாலுக்கும் ஏறக்குறைய நடுவுல ஒரு சின்ன மேடு தட்டுப்படும் பாருங்க, சுண்டு விரல் எலும்போட அடிப்பகுதி அது. நாலாவது, பாதத்தோட உள்பக்கம், உள்குமிழுக்கு ரெண்டு மூணு விரல் முன்னாடி, பாத வளைவுக்கு மேல ஒரு எலும்பு மேடு.

இந்த நாலும் போக நானா சேத்துப் பாக்குறது ஒண்ணு, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ வெளிப்பக்கத்துல இருக்குற உருண்டை எலும்பு. கணுக்கால் முறுக்கினதுல உடைப்பு அங்க போய் விழுறதும் உண்டு, கால் அடில வலிக்கிறப்ப யாரும் மேல பாக்க மாட்டாங்க. அங்க அமுக்கி வலிச்சா டாக்டர்கிட்ட அத தனியா சொல்லுங்க, கணுக்கால மட்டும் எடுத்த எக்ஸ்ரேல அது வராது.

நாலு அடி

விழுந்த உடனே நாலு அடி எடுத்து வைக்க முடிஞ்சுதா? இப்ப முடியுதா? ரெண்டையும் கேக்கணும். நொண்டலாம், வலிக்கலாம், ஆனா எதையும் பிடிக்காம அந்தக் கால்ல ரெண்டு தடவ எடை விழணும், அதாவது வலது இடது வலது இடதுன்னு நாலு. அப்பவும் முடியல, இப்பவும் முடியலன்னா எக்ஸ்ரே. விழுந்த அதிர்ச்சில அப்ப முடியாம இப்ப நொண்டி நாலு அடி வச்சுட்டா, எலும்பு இடத்துலயும் வலி இல்லன்னா, அது பரவாயில்லன்னு விடலாம். முடியாதவங்கள கையப் பிடிச்சு இழுத்து நடக்க வைக்காதீங்க, "முடியல"ன்னு சொன்னதே பதில்தான்.

சித்திக்கு என்ன வந்துச்சு

பொண்ணு அமுக்க அமுக்க நான் போன்ல பாத்துட்டு இருந்தேன். வெளிக்குமிழ் பின்பக்கம் நாலு விரல் உயரமும் அமுக்கினா, சித்தி சும்மா இருந்தாங்க. நுனில "லேசா இருக்கு"ன்னாங்க. முன்னாடி அந்த முட்டை வீக்கத்துல தொட்டதும் கத்தினாங்க, நான் கணக்குல எடுத்துக்கல. உள்குமிழ் ஒண்ணுமில்ல. நடந்தும் காட்டிட்டாங்க, நொண்டி நாலு அடி. பொண்ணு, "அப்ப ஐஸ் போதும்லக்கா?"ன்னா. "பாதத்தோட வெளி ஓரத்துல அந்த மேட்ட அமுக்கு"ன்னு சொன்னேன். அமுக்கினதும் கால வெடுக்குனு இழுத்துக்கிட்டாங்க. நல்ல கால்ல அதே இடத்துல அதே அளவு அமுக்கச் சொன்னேன், ஒண்ணுமே இல்ல. திரும்ப அடிபட்ட கால்ல, திரும்ப அதே இழுப்பு.

முதல் போட்டோல கட் ஆகிப்போன பாதி பாதத்துலதான் அந்த மேடு இருந்துச்சு. திரும்ப எடுத்து அனுப்பின வெளிப்பக்க போட்டோல அங்க ஒரு மெல்லிய உப்பல் இருக்கு, தேடிப் பாத்தாதான் தெரியும், பக்கத்துல கோழிமுட்டை வீக்கம் இருக்கும்போது யார் கண்ணும் அங்க போகாது. கணுக்கால் மடங்குற அதே வேகத்துல அந்த எலும்பு அடிப்பகுதிய ஜவ்வும் தசைநாரும் இழுத்துப் பிச்சிரும், கணுக்கால் சுளுக்குன்னு நினைச்சு ரொம்ப சாதாரணமா விட்டுப்போறது இதுதான்.

ராத்திரியே ஓடணுமான்னு கேட்டாங்க. கால் நேரா இருக்கு, ரத்த ஓட்டம் சரியா இருக்கு, உணர்ச்சி இருக்கு, தோல் கிழியல, அதனால எடை போடாம, தூக்கி வச்சு, காலைல போனா போதும்னேன். காலைல எக்ஸ்ரேல அந்த அடிப்பகுதில கிராக், எலும்பு விலகல. டாக்டர் மாவுக்கட்டு போடல, அடி கெட்டியான ஷூ குடுத்து வலி தாங்குற அளவு நடக்கச் சொல்லி ஆறு வாரம்னாரு. போகும்போது சீட்டுல "கணுக்கால்"னு மட்டும் எழுதி இருந்தா பாதத்தையும் சேத்து எடுக்கச் சொல்லிக் கேளுன்னு பொண்ணுகிட்ட சொல்லி இருந்தேன், வலி பாதத்துல இருக்கும்போது படமும் பாதத்துக்குத்தான் வேணும்.

இந்த முறைய நம்பக்கூடாத ஆளுங்க

அமுக்கினா வலி தெரியணும், அதுதான் இதோட அடிப்படை. ரொம்ப வருஷமா சுகர் இருந்து பாதம் மரத்துப்போனவங்க உடைஞ்ச கால்லயே மார்க்கெட் போய்ட்டு வந்துருவாங்க, "வலி இல்லம்மா, வீக்கம்தான்"னு சொல்லுவாங்க. அவங்களுக்கு வீக்கமும் சூடும் இருந்தாலே எக்ஸ்ரே எடுங்க, விழுந்ததே ஞாபகம் இல்லன்னாலும் எடுங்க. இது நம்ம ஊர்ல ரொம்ப சகஜமா இருக்குறதால கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், தாமதமானா பாதத்தோட வடிவமே மாறிப்போற அளவுக்குப் போயிரும். குடிச்சிருக்குறவங்க, தலைல அடிபட்டவங்க, வேற ஒரு இடத்துல பெரிய அடி பட்டு அந்த வலில இருக்குறவங்க, இவங்க சொல்றதும் கணக்கு இல்ல. எலும்பு அடர்த்தி குறைஞ்சவங்க, ரொம்ப நாளா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க, எழுபது தாண்டினவங்கன்னா நான் சந்தேகத்துக்கே எக்ஸ்ரே சொல்லிருவேன். அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க எங்க வலிக்குதுன்னு சரியா சொல்லாது, கால ஊன மாட்டேங்குதுன்னா காட்டிருங்க. விழுந்து பத்து நாள் தாண்டிட்டாலும் இந்த முறை பொருந்தாது.

உயரத்துல இருந்து குதிகால் தரைல அடிச்சு விழுந்தது வேற கதை. மாமரம், மொட்டை மாடி, ஏணின்னு விழுந்தவங்களுக்கு குதிகால் எலும்பு நசுங்கும், கூடவே முதுகெலும்பும் அடி வாங்கி இருக்கலாம், முதுகு வலிக்குதான்னு கேட்டுட்டு நேரா ஆஸ்பத்திரி. உள்ளங்கால் நடுவுல ரத்தக்கட்டு இருந்தாலும் எக்ஸ்ரே, பாதத்து நடு மூட்டு விலகி இருக்கலாம். பின்னாடி குதிகாலுக்கு மேல யாரோ கல்ல விட்டு எறிஞ்ச மாதிரி "டப்"னு ஒரு சத்தம் கேட்டுச்சு, அங்க ஒரு பள்ளம் தெரியுதுன்னா, குப்புறப் படுக்க வச்சு கெண்டைக்கால் சதையப் பிசைஞ்சு பாருங்க, பாதம் அசையணும், அசையலன்னா குதிகால் நரம்புன்னு நாம சொல்ற தசைநார் அறுந்திருக்கு, அன்னைக்கே காட்டணும்.

ஸ்கேன்னு சொல்றாங்களே

"ஸ்கேன் எடுக்கணுமா"ன்னு கேக்குறவங்க மனசுல எம்ஆர்ஐ இருக்கு. முதல் நாள்ல தேவைப்படுறது கிட்டத்தட்ட எப்பவுமே எக்ஸ்ரேதான், கணுக்காலுக்கு நேரா, பக்கவாட்டுல, கொஞ்சம் உள்பக்கம் திருப்பின்னு மூணு படம். எம்ஆர்ஐ எடுத்தா ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு எழுதி வரும், அது அமுக்கிப் பாத்தாலே ஓரளவு தெரியும், முதல் வாரத்துல நீங்க செய்யப்போற வைத்தியம் அதனால மாறப்போறதில்ல. நாலு ஆறு வாரம் ஆகியும் நடக்கையில கால் நழுவுது, மூட்டு உள்ள மாட்டிக்குது, வலி குறையவே இல்லன்னா அப்ப எம்ஆர்ஐக்கு அர்த்தம் இருக்கு. சிடி ஸ்கேன் உடைப்பு எத்தன துண்டுன்னு ஆபரேஷனுக்கு முன்னாடி பாக்குறதுக்கு. கர்ப்பமா இருந்தா எக்ஸ்ரேக்குப் பயந்து காத்துட்டு இருக்காதீங்க, கால் படத்துல வயித்துக்குப் போற கதிர் மிக மிகக் கம்மி, முன்கூட்டியே சொன்னா போதும்.

வீட்டுலயே பாத்துக்கலாம்னு ஆச்சுன்னா

என் அண்ணன் பையன், 22 வயசு, கிரிக்கெட் ஆடுறப்ப பந்து மேல கால வச்சு மடக்கிட்டான். போட்டோல சித்தி கால விட ரெண்டு மடங்கு வீக்கம், குமிழே தெரியல. ஆனா நாலு எலும்பு இடத்துலயும் வலி இல்ல, நொண்டி நடந்தான், முன்பக்க ஜவ்வுல மட்டும் துடிச்சான். எக்ஸ்ரே வேணாம்னு வீட்டுலயே வச்சோம். வீக்கம் அதிகமா இருந்தா எலும்பு ஓரம் விரலுக்குச் சரியா கிடைக்காது, அதனால அஞ்சாவது நாள் வீக்கம் வடிஞ்சதும் திரும்ப அமுக்கிப் பாக்கணும்னு முதல் நாளே சொல்லி வச்சேன்.

முதல் ரெண்டு நாள், மெல்லிய துணி சுத்தி ஐஸ் பதினஞ்சு நிமிஷம், இருபதுக்கு மேல போகக்கூடாது, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ. கிரேப் பேண்டேஜ விரல் அடில இருந்து கெண்டைக்கால் பாதி வரைக்கும், கீழ கொஞ்சம் இறுக்கமா மேல போகப் போக லூசா சுத்தணும். விரல் நீலமாச்சு, மரத்துச்சுன்னா உடனே அவுத்து திரும்பக் கட்டுங்க, தூங்கும்போது கழட்டிருங்க. கால நெஞ்சுக்கு மேல உயர்த்தி வைக்கணும், நாற்காலில உக்காந்து ஸ்டூல்ல கால் வச்சா அது உயரம் இல்ல. வலிக்கு பாராசிட்டமால் 500, பெரியவங்களுக்கு ஒண்ணு ரெண்டு, ஆறு மணி நேர இடைவெளில, ஈரல் பிரச்சனை இருக்குறவங்க டாக்டர கேட்டுட்டு. கிட்னி பிரச்சனையோ அல்சரோ இருந்தா டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை தானா வாங்கிப் போடாதீங்க.

எண்ணெய் தேச்சு நீவி சுளுக்கு எடுக்குறது, சூடான ஒத்தடம், வெந்நீர், முதல் மூணு நாள் கண்டிப்பா வேணாம். புதுசா கிழிஞ்ச இடத்துல தேச்சா இன்னும் ரத்தம் கசிஞ்சு வீக்கம் கூடும், அடில ஒரு கிராக் இருந்து அத முறுக்கி இழுத்தா நேரா இருந்த எலும்பு விலகிரும். விலகினதுக்கப்புறம் மாவுக்கட்டோட முடிய வேண்டியது பிளேட் ஸ்க்ரூன்னு போனத ரெண்டு மூணு தடவ கண்ணால பாத்திருக்கேன்.

அதுக்காக ரெண்டு வாரம் படுக்கைலயே கிடக்கவும் கூடாது. ரெண்டாம் மூணாம் நாள்ல இருந்து கட்டில்ல கால நீட்டி, பெருவிரலால காத்துல அ, ஆ, இ, ஈன்னு உயிரெழுத்து பன்னெண்டும் எழுதச் சொல்லுவேன், ஒரு நாளைக்கு மூணு தடவ. வலி தாங்குற அளவு ஊனி நடக்கலாம். சாதாரண சுளுக்கு ஒண்ணு ரெண்டு வாரத்துல நடைக்கு வந்துரும், ஜவ்வு நல்லா கிழிஞ்சது ஆறு வாரம் கேக்கும். அஞ்சு ஏழு நாள்ல நடை கொஞ்சம் கூட முன்னேறலன்னா எக்ஸ்ரே. கெண்டைக்கால் தனியா வீங்கி சூடா வலிச்சா ரத்தம் உறைஞ்சிருக்கலாம், அன்னைக்கே டாக்டர். மூச்சு வாங்கினா யோசிக்காம 108.

அண்ணன் பையன் நாலாவது நாள் பதறிப்போய் புது போட்டோ அனுப்பினான், விரல் இடுக்கு வரைக்கும் கருநீலம், குதிகால் ஓரமெல்லாம் மஞ்சளும் பச்சையுமா இருக்கு. மேல கசிஞ்ச ரத்தம் கால் தொங்கத் தொங்க கீழ இறங்கும், அது புது அடி இல்ல. உள்ளங்கால் நடுவுல இருக்கான்னு மட்டும் கேட்டேன், இல்ல, ஓரத்துலதான். மறுநாள் வீக்கம் வடிஞ்சு குமிழ் வெளிய தெரிஞ்சதும் அண்ணிய விட்டு பின்பக்க ஓரத்த திரும்ப அமுக்கச் சொன்னேன், நாலு விரல் உயரத்துக்கும் வலி இல்ல, எக்ஸ்ரே எடுக்காமலே விட்டோம்.